மின்சாரக் கார்: கிலோமீட்டருக்கு எத்தனை காசு? வீட்டு இ.பி. பில்லை வைத்துக் கணக்குப் போடும் முறை

மின்சாரக் கார் வாங்கியவர்களிடம் கிலோமீட்டருக்கு என்ன ஆகிறது என்று கேட்டால் ஒருவர் 35 காசு என்பார், இன்னொருவர் ஒன்றரை ரூபாய் என்பார். இரண்டு பேரும் ஒரே கார் வைத்திருக்கலாம், ஒரே தூரம் ஓட்டலாம். ஒன்றரை ரூபாய் சொன்னவர் சரியாகவே சொல்லியிருக்கக்கூடும். 35 காசு சொன்னவர் பெரும்பாலும் பில் தொகையை யூனிட்டால் வகுத்துச் சராசரி எடுத்திருப்பார். தமிழ்நாட்டில் அந்தச் சராசரி கார் கணக்குக்கு உதவாது. இங்கே முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் ஏற ஏற விலை கூடும். கார் எப்போதும் வீட்டுச் செலவுக்கு மேலே போய் உட்காருகிறது. இலவசத்தையும் மலிவான யூனிட்டையும் ஃபிரிட்ஜும் ஃபேனும் ஏற்கெனவே எடுத்துவிட்டன. காருக்கு மிஞ்சுவது மேலடுக்கு யூனிட்கள்தான்.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கார் இல்லாமல் பில் எவ்வளவு வரும், காரோடு எவ்வளவு வரும்? அந்த வித்தியாசத்தை ஓடிய தூரத்தால் வகுத்தால் விடை.

```
கி.மீ. செலவு = (காரோடு பில் − கார் இல்லாமல் பில்) ÷ இரண்டு மாதத் தூரம்
```

இதற்கு மூன்று எண்கள் வேண்டும்: இரண்டு மாதத்தில் ஓடும் தூரம், ஒரு கிலோமீட்டருக்குச் சுவரிலிருந்து கார் இழுக்கும் யூனிட், கார் இல்லாத வீட்டின் யூனிட். பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் ஒரு வீடு, அங்கிருந்து கங்கைகொண்டான் சிப்காட்டுக்கு வேலைக்குப் போய்வரும் ஒருவர் என்று வைத்துக்கொண்டு கடைசிவரை இந்த ஒரு கணக்கையே போடுவோம்.

தூரம்: மாதத்துக்கு அல்ல, ரீடிங்குக்கு ரீடிங்

இ.பி. கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அடுக்குகளும் இரண்டு மாத யூனிட்டை வைத்தே பிரிகின்றன. ஆகவே தூரத்தையும் இரண்டு மாதத்துக்கே எடுக்க வேண்டும். ஒரு மாதத் தூரத்தை எடுத்து ஒரு மாத யூனிட்டை அடுக்கில் போட்டால், கார் உண்மையில் போகாத மலிவான அடுக்கில் விழுந்து கணக்கு பொய்யாகிவிடும்.

நம் ஆள் வேலை நாளில் 40 கி.மீ. ஓட்டுகிறார். இரண்டு மாதத்தில் 50 வேலை நாள் என்றால் 2,000 கி.மீ. மற்ற 10 நாட்களில் கடைக்கும் கோயிலுக்கும் நாளுக்கு 20 கி.மீ. வீதம் 200. மொத்தம் 2,200 கி.மீ. இதை மனக்கணக்காகப் போடுவதைவிட, ரீடிங் எடுக்க வருகிற நாளன்று காரின் ஓடோமீட்டரை ஒரு போட்டோ எடுத்து வைப்பது மேல். அடுத்த ரீடிங் நாளன்று இன்னொன்று. கழித்தால் தூரம் கிடைத்துவிடும்.

யூனிட்: திரை சொல்வது வேறு, மீட்டர் ஓடுவது வேறு

பெரும்பாலானோர் தவறுவது இந்த இடத்தில்தான். காரின் திரையில் ஒரு கிலோமீட்டருக்கு 130 வாட் மணி, அதாவது 0.13 யூனிட், என்று காட்டும். அது பேட்டரியிலிருந்து வெளியே போன கணக்கு. பேட்டரிக்குள் அவ்வளவு போய்ச் சேர, சுவரிலிருந்து அதைவிட அதிகம் எடுக்க வேண்டியிருக்கிறது. வீட்டு மின்சாரம் ஏசி, பேட்டரிக்கு வேண்டியது டிசி. அதை மாற்றும் காரின் உள் சார்ஜர் சூடாகிறது. சார்ஜ் ஏறும்போது காரின் கம்ப்யூட்டர்கள் விழித்திருக்கின்றன, சில கார்களில் குளிர்விக்கும் பம்பும் ஓடுகிறது. வீட்டு வயரும் கொஞ்சம் தின்கிறது. எல்லாம் சேர்ந்து பத்திலிருந்து பதினைந்து சதவீதம் காணாமல் போவது சாதாரணம். இ.பி. அந்தச் சூட்டுக்கும் சேர்த்துத்தான் காசு வாங்குகிறது.

கம்பெனி விளம்பரத்தில் வரும் ரேஞ்சை வைத்துக் கணக்குப் போடுவது இதைவிடப் பெரிய பிழை. அந்தச் சோதனை ஆய்வுக்கூடத்தில், மெதுவான வேகத்தில் நடப்பது. சாலையில் அந்தத் தூரம் வராது.

சரியான வழி, பெட்ரோல் காரில் டேங்க் ஃபுல் பண்ணி மைலேஜ் பார்ப்பதைப் போன்றதுதான். காருக்குப் போகும் 16 ஆம்பியர் லைனில் ஒரு சிங்கிள் ஃபேஸ் சப்மீட்டர் போடுங்கள். டிபி பாக்ஸுக்குள் இருக்கும் உலோகப் பட்டையில் மாட்டும் சின்ன மீட்டர் போதும். அதை கார் நிற்கும் பக்கம் மாட்டாமல் மெயின் போர்டு பக்கம் மாட்டச் சொல்லுங்கள். அப்போதுதான் வயரில் வீணாவதும் அதில் பதிவாகும். பிளக்கில் செருகும் மலிவான பவர் மீட்டரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். மணிக்கணக்காக 15 ஆம்பியர் ஓடினால் அதன் தகடுகள் சூடேறி, பிளாஸ்டிக் பழுத்து உருகும். சாக்கெட்டிலும் இதே ஆபத்து உண்டு. சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கின் பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு, ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு நிறம், கருகிய வாடை, இவற்றில் எது இருந்தாலும் சார்ஜை நிறுத்திவிட்டுச் சாக்கெட்டை மாற்றுங்கள்.

பிறகு அளவு. ஞாயிறு இரவு 100 சதவீதம் வரை ஏற்றுங்கள். கார் தானாக நிறுத்தும்வரை விட வேண்டும். கடைசி இரண்டு மூன்று சதவீதம் மெதுவாகத்தான் ஏறும், பொறுமையில்லாமல் பிடுங்கினால் அளவு கெடும். நின்றதும் சப்மீட்டரையும் ஓடோமீட்டரையும் எழுதிக்கொள்ளுங்கள். வாரம் முழுக்க வழக்கம்போல் ஓட்டி, வீட்டில் மட்டும் சார்ஜ் போட்டு, அடுத்த ஞாயிறு மறுபடி 100 வரை ஏற்றி இரண்டையும் பாருங்கள்.

நம் கணக்கில் முதல் ஞாயிறு சப்மீட்டர் 41.6, ஓடோமீட்டர் 8,214. அடுத்த ஞாயிறு சப்மீட்டர் 79.1, ஓடோமீட்டர் 8,464. 250 கி.மீ.க்கு 37.5 யூனிட். ஒரு கிலோமீட்டருக்கு 0.15 யூனிட். திரை சொன்ன 130 வாட் மணிப்படி 32.5 யூனிட்தான் ஆகியிருக்க வேண்டும். மிச்சம் 5 யூனிட் வழியில் சூடாகப் போனது.

சப்மீட்டர் போட வழியில்லாதவர்கள் திரை எண்ணை 0.87-ஆல் வகுத்துக்கொள்ளலாம். 130-ஐ வகுத்தால் ஏறக்குறைய 150 வரும். ஆனால் இது உத்தேசம்தான்.

அந்த நஷ்டத்தில் நம் கையில் இருப்பது வயர் மட்டும். மெயின் போர்டிலிருந்து கார் ஷெட் வரை 30 மீட்டர் என்று வையுங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 15 ஆம்பியர் போனால், போகவர 60 மீட்டரில் சுமார் 100 வாட் சூடாகிறது. 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் சுமார் 60 வாட். கார் இழுப்பது மூன்றேகால் கிலோவாட் என்பதால் முதலாவதில் 3 சதவீதம், இரண்டாவதில் 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. பில்லில் பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனாலும் ராத்திரி முழுக்கச் சுவருக்குள் சூடாகிற வயருக்கு 4 போடுவதுதான் சரி.

கிராமப்பக்கம் சாயங்காலம் வோல்டேஜ் 200-க்கு இறங்கினால், ஆம்பியர் அதே 15-இல் நிற்கும், ஆனால் ஏறும் பவர் குறையும். சார்ஜ் ஆக நேரம் கூடும், கம்ப்யூட்டர்களும் பம்பும் அந்த நேரம் முழுக்க ஓடும். நடுராத்திரிக்குப் பிறகு டைமர் வைத்து ஏற்றினால் இது கொஞ்சம் சீராகும். கீழே வரும் அடுக்குக் கணக்கு நேரத்தைப் பார்ப்பதில்லை, மொத்த யூனிட்டை மட்டுமே பார்க்கிறது. எனவே ராத்திரி போட்டால் யூனிட் விலை குறையும் என்று நினைக்க வேண்டாம்.

2,200 கி.மீ.க்கு 0.15 வீதம் 330 யூனிட். இரண்டாவது எண் கிடைத்துவிட்டது.

கார் இல்லாத வீடு

கார் வருவதற்கு முந்தைய பில்லைத் தேடி எடுங்கள். ஆனால் போன தடவைப் பில் ஆகாது, போன வருடம் இதே மாதங்களின் பில் வேண்டும். நெல்லையில் சித்திரை வைகாசி வெயிலில் ஏசி ஓடும் வீட்டையும், கார்த்திகை மழையில் ஃபேன்கூட நிறுத்தும் அதே வீட்டையும் ஒன்றாக வைக்க முடியாது. ஏப்ரல்–மே பில்லை டிசம்பர்–ஜனவரி பில்லோடு ஒப்பிட்டால் ஏசியின் பாவம் காரின் தலையில் விழும். சப்மீட்டர் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. மொத்த யூனிட்டில் சப்மீட்டர் யூனிட்டைக் கழித்தால் வீடு மட்டும் மிஞ்சும்.

நம் வீட்டில் ஒரு ஃபிரிட்ஜ், நான்கு ஃபேன், ராத்திரி மட்டும் ஒரு ஏசி. இரண்டு மாதத்துக்கு 360 யூனிட்.

இரண்டு பில்

2024 ஜூலைத் திருத்தத்துக்குப் பின் வீடுகளிடம் வசூலிக்கும் விலை இது. பின்னால் மாறியிருந்தால் உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டுக்கொள்ளுங்கள், முறை மாறாது.

மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால்: முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.35, 201 முதல் 400 வரை ரூ.4.70, 401 முதல் 500 வரை ரூ.6.30.

500-ஐத் தாண்டிவிட்டால்: முதல் 100 இலவசம், 101 முதல் 400 வரை ரூ.4.70, 401–500 ரூ.6.30, 501–600 ரூ.8.40, 601–800 ரூ.9.45, 801–1,000 ரூ.10.50, அதற்கு மேல் ரூ.11.55.

இரண்டாவது பட்டியலில் ரூ.2.35 இல்லை என்பதைக் கவனியுங்கள். 500-ஐத் தாண்டியதும் அந்த மலிவான 100 யூனிட்டின் விலையும் இரட்டிப்பாகிறது.

கார் இல்லாமல் 360 யூனிட்: இரண்டாவது நூறுக்கு 235, மீதி 160-க்கு 752. மொத்தம் ரூ.987.

காரோடு 360 + 330 = 690 யூனிட்: 300-க்கு 1,410, அடுத்த 100-க்கு 630, அடுத்த 100-க்கு 840, கடைசி 90-க்கு 850.50. மொத்தம் ரூ.3,730.50.

வித்தியாசம் ரூ.2,743.50. இதுதான் கார் குடித்த மின்சாரத்தின் விலை. 330-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு ரூ.8.31. 2,200-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு ரூ.1.25.

இப்போது தவறான வழிகளை இதன் பக்கத்தில் வையுங்கள். பழைய பில் 987-ஐ 360-ஆல் வகுத்தால் யூனிட் ரூ.2.74. அதைத் திரை சொன்ன 0.13-ஆல் பெருக்கினால் 36 காசு. ஆரம்பத்தில் பார்த்த 35 காசுக்காரரின் கணக்கு இப்படி வந்ததுதான். புதிய பில்லின் சராசரியை எடுத்தால் யூனிட் ரூ.5.41, கிலோமீட்டர் 81 காசு, அதுவும் குறைவு. கடைசி அடுக்கான ரூ.9.45-ஐ அப்படியே எடுத்தால் ரூ.1.42, இது கூடுதல், ஏனென்றால் காரின் முதல் 240 யூனிட் அதைவிட மலிவான அடுக்குகளில்தான் விழுந்தது.

அதே கார், வேறு வீடு

மேலே சொன்ன காரையும் தூரத்தையும் மாற்றாமல் வீட்டை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஏசி இல்லாத, இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீடு, 150 யூனிட். கார் இல்லாமல் ரூ.117.50. காரோடு 480 யூனிட், ரூ.1,679. வித்தியாசம் ரூ.1,561.50, கிலோமீட்டருக்கு 71 காசு. இரண்டு மூன்று ஏசி ஓடும் 700 யூனிட் வீட்டில் கார் இல்லாமல் ரூ.3,825, காரோடு 1,030 யூனிட்டுக்கு ரூ.7,216.50. கிலோமீட்டருக்கு ரூ.1.54. நண்பருக்கு இவ்வளவுதான் ஆகிறதாம் என்று அவர் கணக்கை நம் வீட்டுக்கு எடுத்துவருவதில் பொருளில்லை என்பது இதனால்தான்.

வாடகை வீட்டில் சப்மீட்டர் வைத்து வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று ஒரே விலை வாங்கினால் அடுக்குக் கணக்கே வேண்டாம். 8-ஐ 0.15-ஆல் பெருக்கினால் ரூ.1.20.

பெட்ரோலோடு ஒப்பிட நினைப்பவர்கள், லிட்டர் 100 ரூபாய், 16 கி.மீ. மைலேஜ் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு ரூ.6.25. எந்த வீட்டில் போட்டாலும் மின்சாரம் மலிவுதான். ஆனால் டயர், இன்ஷூரன்ஸ், பேட்டரியின் தேய்மானம் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

வெளியே போட்ட சார்ஜ்

இரண்டு மாதத்தில் அதே 2,200 கி.மீ.க்குள் ஒருமுறை மதுரைக்குப் போய்வந்தால் அதில் 300 கி.மீ.க்கு வழியில் ஃபாஸ்ட் சார்ஜரில் 40 யூனிட் போட்டதாக வைப்போம், வரியோடு யூனிட்டுக்கு 20 ரூபாய். அது 800 ரூபாய். அந்த 300 கி.மீ.க்கு 0.15 வீதம் வீட்டில் 45 யூனிட் குறையும். அந்த 45-உம் ரூ.9.45 அடுக்கில் குறைவதால் வீட்டு வித்தியாசம் ரூ.2,318.25 ஆகும். இரண்டையும் கூட்டி 2,200-ஆல் வகுத்தால் ரூ.1.42. ஏழில் ஒரு பங்கு தூரம் வெளியே ஏற்றியது மொத்தச் சராசரியை 17 காசு உயர்த்திவிட்டது. வெளிச் சார்ஜை ஆப்பில் உள்ள ரசீதோடு தனியாகக் கூட்டுங்கள், இ.பி. பில்லில் அது வராது, மறந்துபோவது எளிது.

காற்றும் வெயிலும்

0.15 என்ற எண் வருடம் முழுக்க நிற்காது. ஏசி ஒரு கிலோவாட் இழுக்கிறது என்று வைத்தால், நெல்லை வண்ணாரப்பேட்டை நெரிசலில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் அது கிலோமீட்டருக்கு 50 வாட் மணி சேர்க்கும். நான்குவழிச் சாலையில் 80-இல் போகும்போது அதே ஏசி 12 அல்லது 13 மட்டுமே சேர்க்கும். ஏசி நேரத்தைப் பார்த்துச் சாப்பிடுகிறது, தூரத்தைப் பார்த்து அல்ல.

ஆனி ஆடியில் நாங்குநேரி தாண்டி வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு பக்கம் தினமும் போகிறவர்களுக்குக் காற்று ஒரு தனிக் கணக்கு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றுக்காகத்தானே அங்கே காற்றாலைகள் நிற்கின்றன. 80 கி.மீ. வேகத்தில் போகும் காருக்கு 20 கி.மீ. எதிர்க்காற்று அடித்தால், காற்றின் தடை 100-இல் போவதற்குச் சமம்; ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும், பெரும்பகுதியைத் திருப்பித் தரும், முழுவதையும் தராது. அதனால் போன வழியை மட்டும் அளந்து பயந்துவிட வேண்டாம், போய்வந்து அளக்க வேண்டும். ஞாயிறு அளவை வெயில் காலத்தில் ஒன்று, காற்றுக் காலத்தில் ஒன்று, மழைக் காலத்தில் ஒன்று என்று மூன்று முறை எடுத்தால் வருடத்துக்குப் போதும்.

500-இன் ஓரம்

500 யூனிட்டுக்குப் பில் ரூ.1,805. 501 யூனிட்டுக்கு ரூ.2,048.40. அந்த ஒரே யூனிட்டுக்கு ரூ.243.40. உங்கள் மொத்தம் 490-க்கும் 530-க்கும் நடுவில் வருகிற வீடு என்றால் இதை மட்டும் கவனித்தாலே பலன் தெரியும். ரீடிங் எடுக்க ஒரு வாரம் இருக்கும்போது மீட்டரைப் பாருங்கள். போன ரீடிங்கிலிருந்து 465 ஓடியிருக்கிறது, வீட்டுக்கு நாளுக்கு 5 யூனிட் ஆகும் என்றால், அந்த வாரத்தில் வீட்டுக்கே 35 போய் 500 ஆகிவிடும். காருக்கு ஒரு யூனிட்கூட இடமில்லை. பேட்டரியில் போதிய சார்ஜ் இருந்தால் ரீடிங் முடியும்வரை வீட்டில் ஏற்றாமல் ஓட்டலாம். வழியில் 10 யூனிட் 20 ரூபாய் வீதம் 200 கொடுத்து ஏற்றினால்கூட, அதே 10-ஐ வீட்டில் போட்டு 510-க்குப் போவதற்கு ஆகும் ரூ.319-ஐவிடக் குறைவு. 600-ஐத் தாண்டி ஓடும் வீட்டில் இந்த வித்தை பயன்படாது, எப்படியும் தாண்டத்தான் போகிறது.

ரீடிங் நாள் தள்ளிப்போனாலும் இதே அடி விழும். 60 நாளுக்குப் பதில் 66 நாள் யூனிட் ஒரே பில்லில் வந்தால், நம் பெருமாள்புரத்து வீட்டுக்கு 690 என்பது 759 ஆகும். கூடும் 69 யூனிட்டும் ரூ.9.45 அடுக்கில்தான் விழும். அப்படி வந்த பில்லில் கிலோமீட்டர் செலவு திடீரென்று ஏறியதாகத் தெரிந்தால், காரைச் சந்தேகப்படும் முன் முந்தைய ரீடிங் தேதிக்கும் இந்த ரீடிங் தேதிக்கும் நடுவில் எத்தனை நாள் என்று பில்லில் எண்ணிப் பாருங்கள்.